நீளமான ஆங்கிலக் கட்டுரையைச் சுருக்கும் முன் மைய வாக்கியங்களை எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மாலை நேரத்தில் ஆங்கில வாசிப்பு சொல்லித்தருகிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரி மாணவர்கள்தான் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் திடீரென்று பதினைந்து பக்க ஆங்கிலக் கட்டுரையைக் கையில் வாங்கியவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதினைந்து பக்கம் இருக்கு சார். நாளைக்குச் சுருக்கம் கொடுக்கணும். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

பென்சிலை எடுத்து ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் எண் போடுங்கள். வேறு எதுவும் படிக்க வேண்டாம். பதினைந்து பக்கம் என்றால் ஐம்பது அறுபது பத்திகள் வரும். உங்கள் வேலை இனி பதினைந்து பக்கத்தைப் படிப்பது அல்ல, அந்த அறுபது பத்திகளுக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதுவதுதான்.

அப்புறம் தலைப்பு, உள்தலைப்புகள், முதல் பத்தி, கடைசிப் பத்தி. இவற்றை மட்டும் முழுதாக, நிதானமாகப் படியுங்கள். கட்டுரை எதைப் பற்றியது, ஆசிரியர் எங்கே போய்ச் சேருகிறார் என்பது இதிலேயே ஓரளவு பிடிபட்டுவிடும். இந்தப் பிடி இல்லாமல் நடுப்பத்திகளுக்குள் இறங்கினால் எது முக்கியம், எது உதாரணம் என்று பிரிக்க முடியாது. எல்லா வரியும் ஒரே கனத்தில் தெரியும்.

மூன்றாவதாக நடுப்பத்திகள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் பாருங்கள். பத்தி எந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறதோ அதன் அடியில் கோடு போடுங்கள். அதுதான் டாபிக் சென்டன்ஸ், மைய வாக்கியம். கோடு போட்ட கையோடு, அதைத் தனித் தாளில் ஐந்தாறு தமிழ்ச் சொல்லில் எழுதுங்கள். அந்த மூன்று வாக்கியத்தில் பிடி கிடைக்காத பத்திகளை மட்டும் முழுதாகப் படித்தால் போதும்.

ஒவ்வொரு பத்தியிலயும் முதல் வரியை எடுத்துட்டா வேலை முடிஞ்சதுதானே?

பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1866இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் எழுதிய ஆங்கிலக் கட்டுரை இலக்கண நூலிலேயே, பத்தியின் முதல் வாக்கியம் அதன் பொருளைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. எழுதுகிறவர்களுக்குச் சொன்ன அறிவுரை அது. படிக்கிறவர்கள் அதை எல்லாரும் பின்பற்றும் வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நடைமுறை என்ன என்று ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எண்ணியே பார்த்தார். தரமான அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த 25 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் பிரித்தார். மைய வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் 13 சதவீதம்தான் இருந்தன. 1974இல் வெளியான ஆய்வு இது. சில பத்திகளில் மையக் கருத்து இரண்டு மூன்று வாக்கியங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. சிலவற்றில் அது எழுதப்படவே இல்லை, படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்டு முறையையே கைவிட வேண்டாம். பிராடக் பார்த்தவை பத்திரிகைக் கட்டுரைகள். கல்லூரிப் பாடநூல்கள் இவ்வளவு சுதந்திரமாக எழுதப்படுவதில்லை. அவற்றில் முதல் வாக்கியம் கைகொடுக்கும் இடங்கள் கணிசமாகவே உண்டு. ஆகவே முதல் வாக்கியத்தில் தேடலைத் தொடங்குங்கள். அங்கேயே முடித்துவிடாதீர்கள்.

அப்போ இதுதான் மைய வாக்கியம்னு எதை வச்சு முடிவு பண்றது?

ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் சந்தேகப்படும் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பத்தியின் மற்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, ‘இது அதற்கு என்ன செய்கிறது?’ என்று கேளுங்கள். காரணம் சொல்கிறதா, உதாரணம் தருகிறதா, விளக்குகிறதா? எல்லாம் அதற்கே வேலை செய்தால் அதுதான் மையம். பந்தலின் நடுக்காலை உருவினால் கூரை இறங்குகிற மாதிரி, அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் மற்றவை எதற்காகச் சொல்லப்பட்டன என்றே தெரியாமல் போகும்.

ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பவர்களுக்கு இந்தச் சோதனையை எல்லாப் பத்திக்கும் செய்ய நேரம் இருக்காது. அதனால் சில அடையாளச் சொற்களைக் கண்ணில் பழக்கிக்கொள்ளுங்கள். ‘ஃபார் எக்ஸாம்பிள்’ என்று வந்தால் மையம் பெரும்பாலும் அதற்கு முந்தைய வாக்கியம். ‘தஸ்’, ‘இன் ஷார்ட்’ என்று கடைசி வாக்கியம் தொடங்கினால் மையம் அங்கேயே இருக்கலாம். ‘பட்’, ‘ஹவெவர்’, ‘யெட்’ மூன்றும்தான் மிக முக்கியம். அதுவரை சொன்னது பெரும்பாலும் மற்றவர்கள் நினைப்பது, அதற்கு மேல்தான் ஆசிரியர் நினைப்பது. முதல் வரியை மட்டும் எடுக்கிறவர்கள் இந்த இடத்தில் ஆசிரியர் மறுக்கும் கருத்தையே அவருடைய கருத்தாக எழுதிவிடுவார்கள்.

தமிழில் படித்துப் பழகிய கண்ணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும், அதனால் முடிவும் கடைசியில்தான் கிடைக்கும். நாமும் கடைசிவரை காத்திருப்போம். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடும். பின்னால் ‘விச்’, ‘பிகாஸ்’ என்று நீளுவது பெரும்பாலும் துணைச் செய்தி. ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் மட்டும் வரிசை திரும்பிக்கொள்ளும். காற்புள்ளிக்கு அப்புறம் வருவதுதான் முதன்மை வாக்கியம். நீளமான வாக்கியத்தில் தடுக்கினால் யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் பிடியுங்கள்.

ஒரு கட்டுரையை எடுத்துச் செஞ்சு காட்டுங்களேன்.

பெரியாறு அணை பற்றி மாணவர்களுக்காக நானே ஆங்கிலத்தில் ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன். பத்துப் பத்திகள். விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தெரிந்ததுதான் என்பதால் மொழி எங்கே ஏமாற்றுகிறது என்பது பளிச்சென்று தெரியும். வாக்கியங்களைத் தமிழிலேயே தருகிறேன்.

முதல் பத்தி கோடையில் மதுரையில் வைகையைக் காட்டுகிறது. மணல், கருவேலம் புதர், ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடும் பையன்கள். நாலு வாக்கியம் இப்படிப் போன பிறகு, கடைசியில், ‘ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தின் பாசனம் மலைக்கு அந்தப்புறம் மேற்கே ஓடும் பெரியாற்றை நம்பி நடக்கிறது’ என்று வருகிறது. கோடு அதற்குத்தான். காட்சி வெறும் வாசல். முதல் வரியை எடுத்தவர் தாளில் ‘வைகை வறண்டு கிடக்கிறது’ என்று இருக்கும். மீதி ஒன்பது பத்திகளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

இரண்டாம் பத்தி மேற்குத் தொடர்ச்சி மலை பருவமழையைத் தடுப்பது பற்றி. மூன்றாம் பத்தி, தண்ணீரைத் திருப்பும் யோசனை ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு முன்பே ராமநாதபுரம் சமஸ்தானத்தில் இருந்தது பற்றி. இரண்டிலும் முதல் வாக்கியமே மையம். சரி, தாண்டிப் போகலாம்.

நான்காம் பத்தியில்தான் பாதிப் பேர் விழுவார்கள். அது இப்படித் தொடங்குகிறது: ‘1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம்தான் அணைத் திட்டத்தைப் பிறப்பித்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் திட்டம் பஞ்சத்துக்கு முன்பே காகிதத்தில் இருந்தது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பஞ்சம் வந்தபோது வேலை தள்ளிப்போனது. 1882இல் திட்டம் மறுபடி எடுக்கப்பட்டு, பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.’

சோதனையைப் போட்டுப் பாருங்கள். ரைவ்ஸின் 1867 எதற்கு வேலை செய்கிறது? பஞ்சத்துக்கு முன்பே திட்டம் இருந்தது என்பதை நிரூபிக்கிறது. வேலை தள்ளிப்போனதும் அதே பக்கம்தான் நிற்கிறது. முதல் வாக்கியத்துக்கு ஆதரவாக ஒரு வாக்கியம்கூட இல்லை. ஆகவே மையம் இரண்டாம் வாக்கியம். தாளில் எழுத வேண்டியது: ‘திட்டம் பஞ்சத்துக்கு முந்தையது.’ முதல் வரியை எடுத்தவர் இதற்கு நேர் எதிரானதை எழுதியிருப்பார்.

ஆறாம் பத்தி 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த கட்டுமானத்தைச் சொல்கிறது: வெள்ளம், மலேரியா, காடு. கடைசி வாக்கியம், ‘சுருக்கமாகச் சொன்னால், கட்டுவதைவிட அந்த இடத்தில் தாக்குப்பிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது’ என்கிறது. கோடு அங்கே. ஏழாம் பத்தி ஒரே ஒரு கேள்வி: ‘இத்தனை பாடும் யாருக்காக?’ அது அடுத்த பத்திக்குப் போகும் பாலம். தாளில் அதற்கு இடமே வேண்டாம். எட்டாம் பத்தி அந்தக் கேள்விக்குப் பதில். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலூர் வரை வயல்களுக்குத் தண்ணீர் கிடைத்தது என்று முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது.

ஒன்பதும் பத்தும் தனித்தனிப் பத்தியாகத் தெரிந்தாலும் ஒரே விஷயம். ஒன்பதாம் பத்தியின் முதல் வாக்கியம்: ‘1979 முதல் அணையின் பாதுகாப்பு, எத்தனை அடி தண்ணீர் தேக்கலாம் என்ற தகராறாக மாறியது.’ அப்போது 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை அனுமதித்ததும் அதன் கீழேயே அடங்கிவிடுகின்றன. பத்தாம் பத்தி ‘திஸ் டிஸ்ப்யூட்’ என்று தொடங்கும். பத்தியின் முதல் சொல்லே ‘திஸ்’, ‘சச்’ என்று பின்னால் கை காட்டினால், மையம் முந்தைய பத்தியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி போதும்.

ஐந்தாம் பத்தியை விட்டுட்டீங்களே?

வேண்டுமென்றேதான் தனியாக வைத்தேன். அந்தப் பத்தி முழுக்கத் தகவல்கள். 1886 அக்டோபர் 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா, மறுபக்கம் பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர். 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. காலம் 999 ஆண்டுகள். பத்தி முடிந்தது. எந்த வாக்கியத்தில் கோடு போட்டாலும் மற்றவை அதற்கு வேலை செய்யவில்லை. எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இங்கே மைய வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். மாணவர்கள் முதலில் எழுதுவது, ‘இந்தப் பத்தி ஒப்பந்தத்தைப் பற்றியது.’ அது பொருள் மட்டும்தான், கருத்து ஆகாது. பொருளைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பதும் சேர்ந்தால்தான் மைய வாக்கியம். தகவல்களை வரிசையாகப் பார்த்து, இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக எது நடந்தது என்று கேளுங்கள். ‘அணைக்கான நிலமும் தண்ணீரும் நிலையான வாடகைக்கு மிக நீண்ட காலத்துக்குச் சென்னை மாகாணத்துக்குக் கிடைத்தன.’ தேதியும் ஏக்கரும் ரூபாயும் ஆண்டுகளும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன.

இது கஷ்டமாக இருந்தால் மனம் தளர வேண்டாம். ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுருக்கும்போது எந்தெந்த விதிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். தேவையில்லாததை நீக்குவது சிறுவர்களுக்கே வந்தது. இருக்கும் மைய வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது வயது கூடக்கூட வந்தது. இல்லாத மைய வாக்கியத்தைப் புதிதாக எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடைசியாக வந்தது, கல்லூரி மாணவர்களே அதில் தடுமாறினார்கள். ஆக இது ஆங்கிலம் போதாததால் வரும் குறை என்று நினைக்காதீர்கள். இந்த வேலையைத் தமிழிலேயே செய்யலாம் என்பதால் ஆங்கிலம் இதற்குத் தடையும் இல்லை.

தெரியாத சொல் நிறைய வருது. ஒவ்வொண்ணுக்கும் டிக்‌ஷனரி பார்க்கலாமா?

கோடு போட்ட வாக்கியத்தில் இருக்கும் சொல்லுக்கு மட்டும் பாருங்கள். உதாரணத்துக்குள் வரும் சொல் தெரியாவிட்டால் அது உதாரணம் என்று தெரிந்தாலே போதும்.

நிறையச் சொற்கள் தெரியாத பத்திதான் பிரச்சினை. 2000இல் ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள், ஒரு கதையைத் துணையில்லாமல் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். அந்த அளவு முழுப் புரிதலுக்கு. மைய வாக்கியம் எடுப்பதற்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் ஓடும். ஆனால் வரிக்கு இரண்டு மூன்று சொல் தெரியவில்லை என்றால் எது காரணம், எது உதாரணம் என்று பிரிக்கவே முடியாது. அப்போது இந்த முறை உதவாது. முதலில் அந்தத் துறையின் ஒரு சிறு தமிழ் அறிமுகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. ‘நாட்’, ‘அன்லெஸ்’, ‘ரேர்லி’, ‘சம்’, ‘மே’ போன்ற சின்னச் சொற்கள். வேகமாகப் போகும் கண் பெரிய சொல்லில்தான் நிற்கும், இவற்றைத் தாண்டிவிடும். ‘சில ஊர்களில் விளைச்சல் கூடியிருக்கலாம்’ என்று ஆசிரியர் எழுதியது உங்கள் தாளில் ‘விளைச்சல் கூடியது’ என்று ஆகிவிடும். மைய வாக்கியத்தில் இந்தச் சொற்கள் வந்தால் வட்டம் போட்டு வையுங்கள்.

கோடு போட்ட வாக்கியங்களை வரிசையா எழுதினா சுருக்கம் ஆயிடாதா?

ஆகாது. அறுபது பத்தியின் அறுபது வாக்கியம் என்பது அறுபது துண்டு. ஒன்றுக்கு ஒன்று என்ன உறவு என்று அதில் இல்லை. அதோடு ஆசிரியரின் வாக்கியத்தை அப்படியே எழுதினால் காப்பி அடித்ததாகவும் ஆகும்.

தமிழ்த் தாளை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு கட்டுரையை மூடிவிடுங்கள். வரிகளைக் குழுவாகச் சேருங்கள். அணைக் கட்டுரையில் ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் ஏன் தண்ணீர் தேவை என்பது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு சேர்ந்தால் எப்படி வந்தது. எட்டு யாருக்குப் பயன். ஒன்பதும் பத்தும் என்ன சிக்கல். குழுவுக்கு ஒரு வாக்கியம் எழுதி, நடுவே ‘அதனால்’, ‘இருந்தாலும்’ போன்ற இணைப்புகளைப் போடுங்கள். எனக்கு வந்தது இது:

‘மழை மறைவுப் பகுதியில் இருக்கும் மதுரைச் சுற்றுவட்டாரத்தின் பாசனம் மேற்கே ஓடும் பெரியாற்றை நம்பி நடக்கிறது. தண்ணீரைத் திருப்பும் யோசனை பஞ்சத்துக்கும் ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கும் முந்தையது என்றாலும், திருவிதாங்கூரிடம் நீண்டகாலக் குத்தகை பெற்ற பிறகே, கடும் சூழலில், 1895இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. கம்பம் முதல் மேலூர் வரை அதனால் பயன்பெற்றன. இருந்தாலும் 1979 முதல் தேக்கும் அளவு குறித்துத் தகராறு நடந்துவருகிறது.’

‘என்றாலும்’, ‘பிறகே’ ஆகிய சொற்களுக்கு எந்த மைய வாக்கியத்திலும் கோடு போடவில்லை. குழு சேர்க்கும்போதுதான் அவை கிடைத்தன.

தமிழ்ல எழுதிட்டு இங்கிலீஷ்ல மாத்தினா தப்பா?

தப்பே இல்லை, நான் அதைத்தான் சொல்வேன். தமிழில் எழுத முடிந்தால் புரிந்திருக்கிறது. ஆங்கில வரியிலிருந்து ஆங்கில வரிக்குப் போனால் இரண்டு சொல்லை மாற்றிவிட்டு, புரியாமலேயே தப்பித்துவிடலாம். ஆண்டு, ஆள் பெயர், துறைச் சொல் ஆகியவற்றை மட்டும் ஆங்கிலத்திலேயே ஓரத்தில் குறித்து வையுங்கள். மாற்றும்போது தமிழ் வாக்கியத்தின் நீளத்தை அப்படியே கொண்டுபோகாமல் இரண்டாக உடைத்து எழுதுங்கள்.

சரியா எடுத்திருக்கேனான்னு யாரும் இல்லாம எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தமிழ் வரிகளை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை வாசியுங்கள். ஒரு இடத்தில் தாவினால், அதாவது ஐந்தாம் வரிக்கும் ஆறாம் வரிக்கும் இடையே சம்பந்தமே தெரியாவிட்டால், அந்த இரண்டில் ஒன்று தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பத்திகளை மட்டும் முழுதாகப் படியுங்கள். இரண்டு வரி ஒன்றுக்கொன்று முரணாக நின்றால் ‘ஹவெவர்’ ஒன்றைத் தவறவிட்டிருப்பீர்கள். உங்கள் வரியில் ஆள் பெயரோ எண்ணோ மட்டும் இருந்தால் உதாரணத்தை எடுத்திருக்கிறீர்கள். கடைசியாக, முதல் பத்தியில் ஆசிரியர் சொல்லப்போவதாகச் சொன்னதும் உங்கள் வரிகள் சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள்.

கதை, தீர்ப்பு, பேப்பர் செய்தி எல்லாத்துக்கும் இது சரிவருமா?

கதைக்கு வராது. கதையின் பத்திகள் ஒரு கருத்தை நிரூபிக்க எழுதப்பட்டவை அல்ல. பேப்பர் செய்தியில் முக்கியமானது எல்லாம் மேலேயே இருக்கும், முதல் மூன்று பத்தி படித்தால் போதும். ஒரே வாக்கியப் பத்திகள் அதிகம் என்பதால் பத்திக்கு ஒரு வரி எடுப்பதும் வீண்.

தீர்ப்புகளில் கவனம் வேண்டும். நீதிபதி முதலில் ஒரு தரப்பின் வாதத்தை எழுதுவார், அப்புறம் மறுதரப்பின் வாதம், அப்புறம்தான் தன் முடிவு. வாதப் பத்தியின் மைய வாக்கியத்தை எடுத்து நீதிமன்றம் சொன்னதாக எழுதினால் அர்த்தமே மாறிவிடும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் யார் சொன்னது என்று ஓர் எழுத்துப் போடுங்கள்: மனுதாரருக்கு ம, எதிர்மனுதாரருக்கு எ, நீதிமன்றத்துக்கு நீ. ஆய்வுக் கட்டுரைகளில் மற்ற ஆய்வாளர்களின் கருத்தைத் தொகுக்கும் பகுதிக்கும் இதே குறியீடு உதவும்.